புளித்துப்போன கெஃபிரும் புளிக்காத கெஃபிரும்: எதைக் கொட்ட வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு வீட்டுக்கு, பாலைப் புளிக்க வைத்துக் கெஃபிர் என்ற பானமாக்கும் கெஃபிர் மணி வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் அந்தத் தெருவில் நாலைந்து வீட்டுக்குப் போய்விடும். அது பெருகிக்கொண்டே இருக்கும், வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார்கள். வந்த வேகத்திலேயே குப்பைக்கும் போகும். ஏன் கொட்டினீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான், "கெட்டுப்போச்சு." எப்படிக் கெட்டது, என்ன நிறம், என்ன வாசனை என்று துருவிக் கேட்டால் பாதிப் பேர் கொட்டியது நல்ல கெஃபிர். கொஞ்சம் அதிகமாகப் புளித்திருந்தது, அவ்வளவுதான். இதைவிடக் கவலைப்பட வேண்டியவர்கள் வேறு சிலர். இரண்டு நாள் வெளியில் வைத்தும் புளிக்காமல் பால் மாதிரியே இருந்ததைப் பார்த்து, சரி, இன்னும் ஆகவில்லை, வீணாக்க வேண்டாம் என்று குடித்தவர்கள். அவர்கள்தான் கொட்டியிருக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

கெஃபிர் காக்கசஸ் மலைப் பகுதியில் இருந்து வந்தது. அங்கே ஆட்டுத்தோல் பையில் பாலை ஊற்றிப் புளிக்க வைத்திருக்கிறார்கள். மணி என்று நாம் சொல்வது நெல்மணி, கோதுமைமணி மாதிரி தானியம் கிடையாது. பார்க்க வேகவைத்த காலிஃபிளவர் துண்டு மாதிரி, வெள்ளையாக, லேசான மஞ்சள் ஓடி, தொட்டால் ரப்பர் மாதிரி துள்ளும். கெஃபிரான் என்ற ஒரு சர்க்கரைப் பசையும் பால் புரதமும் சேர்ந்து கட்டிய கூடு அது. அந்தக் கூட்டுக்குள் பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா பலவகையும் ஈஸ்ட் சிலவகையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன. பாக்டீரியா பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். ஈஸ்ட் கொஞ்சம் வாயுவும் துளி ஆல்கஹாலும் உண்டாக்கும். நாக்கில் சுருக்கென்று சோடா மாதிரி பிடிப்பது அந்த வாயுதான். இந்தக் கூட்டை வீட்டில் புதிதாக யாரும் கட்ட முடியாது. கடையில் பாட்டிலில் விற்கும் கெஃபிரைப் பாலில் ஊற்றினால் பால் உறையும், ஆனால் மணி வராது. இன்னொருவரிடம் இருந்து வாங்கி வளர்ப்பது ஒன்றுதான் வழி.

நம் ஆட்கள் முதலில் சறுக்கும் இடம் இதை இன்னொரு தயிர் என்று நினைப்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மணியைக் கொடுத்த பெரியம்மா "பால்ல போட்டு வை, அவ்வளவுதான்" என்றார். நான் அம்மா தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் மணியைப் போட்டு, துணி சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். தயிரின் பாக்டீரியாவுக்கு அந்த வெதுவெதுப்பு பிடிக்கும். கெஃபிர் மணிக்குப் பிடிக்காது. அதற்கு வேண்டியது 20-லிருந்து 25 டிகிரி வரை, அதாவது சூடு என்று சொல்ல முடியாத சூடு. 30-ஐத் தாண்டினால் திணறும், 40-க்கு மேல் போனால் உள்ளே இருப்பதில் பல செத்துப்போகும். என் முதல் மணிகள் மறுநாள் சுருங்கிப்போய் இருந்தன, பால் அப்படியே பாலாக இருந்தது. பெரியம்மாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பப் போய் நின்றேன்.

அதனால் பாலைக் காய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை. கடையில் வாங்கும் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்தது, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே ஊற்றலாம். காய்ச்சாத பாலைத் தொட்டால் மனசு கேட்காது என்கிறவர்கள் காய்ச்சிக்கொள்ளலாம், ஆனால் முழுக்க ஆறிய பிறகுதான் மணி அதற்குள் போக வேண்டும். ஃபுல் கிரீம் பாலில் மணி நன்றாக வளரும், கெஃபிரும் கெட்டியாக வரும். அட்டைப் பெட்டியில் வரும் லாங் லைஃப் பாலிலும் வேலை செய்யும், என்னிடம் அதில் வளர்ச்சி கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. பண்ணையில் இருந்து நேராக வரும் கறந்த பாலைக் காய்ச்சாமல் ஊற்ற வேண்டாம். அந்தப் பாலுக்கென்று இருக்கும் கிருமிகள் மணியோடு போட்டி போடும், எது ஜெயிக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோயா பால், பாதாம் பால் எல்லாம் மணிக்குச் சாப்பாடு ஆகாது, அதில் லாக்டோஸ் இல்லை.

பாத்திரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் அகன்ற கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் வடிகட்டி, மேலே கட்ட ஒரு சுத்தமான துணி, ஒரு ரப்பர் பேண்ட். அலுமினியம், செம்பு, பித்தளை வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். மூடியை இறுக்கித் திருகிவிட்டுப் போய்விடக் கூடாது, உள்ளே வாயு சேரும். துணி அடர்த்தியாக இருக்கட்டும், நம்மூர்ப் பழ ஈக்கள் வலை மாதிரித் துணிக்குள் சுலபமாகப் புகுந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கெஃபிர் வளர்ப்பில் நம் கையில் இருப்பது மூன்றே மூன்று: எவ்வளவு மணி, எவ்வளவு பால், எவ்வளவு சூடு. எத்தனை மணி நேரம் என்பது இந்த மூன்றும் சேர்ந்து நமக்குச் சொல்கிற பதில். "24 மணி நேரம் வை" என்று எல்லோரும் எழுதுவது 20, 22 டிகிரி இருக்கும் குளிர்நாட்டுச் சமையலறைக் கணக்கு. அங்கே ஒரு மேசைக்கரண்டி மணிக்கு, அதாவது ஏறக்குறைய 15 கிராமுக்கு, கால் லிட்டரில் இருந்து அரை லிட்டர் வரை பால் ஊற்றினால் ஒரு நாளில் பதமாக வரும். அதே அளவைக் கோடை கொளுத்தும் ஜனவரி மாதம் டர்பனில் வைத்துவிட்டு 24 மணி நேரம் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் போன வருடம் எதிர்வீட்டு அக்காவின் கதையே போதும்.

அக்கா நவம்பரில் என்னிடம் ஒரு கரண்டி மணி வாங்கிப் போனார். தினமும் ராத்திரி ஏழு மணிக்கு அரை லிட்டர் பாலில் போடுவார், மறுநாள் ஏழு மணிக்கு வடிகட்டுவார். ஒரு மாதம் நன்றாகப் போனது. ஜனவரியில் ஒருநாள் பாட்டிலோடு வந்து நின்றார். "தம்பி, இது கெட்டுப்போச்சு. அடியில பூரா மஞ்ச தண்ணி நிக்குது, மேல கட்டி மிதக்குது, வாயில வைக்க முடியல. கொட்டிடவா?"

வாங்கி மோந்து பார்த்தேன். நல்ல புளிப்பு வாசனை, கூடவே ரொட்டி மாவு புளித்த மாதிரி ஈஸ்ட் வாசனை. அழுகல் நாற்றம் இல்லை, நிறமும் சரி. மஞ்சள் தண்ணீர் என்று அவர் சொன்னது பால் திரிந்து பிரியும்போது வரும் தெளிந்த தண்ணீர், மோர் நின்றால் மேலே தெளிகிறதே, அதே சங்கதி. அந்த மணியை வடிகட்டி எடைபோட்டுப் பார்த்தோம். 45 கிராம் இருந்தது. வாங்கிப் போனது 15. தினமும் பெருகிக்கொண்டே வந்ததை அவர் கவனிக்கவில்லை, கண்ணுக்கு அப்படித் தெரியாது. நல்ல நிலையில் இருக்கும் மணி இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். ஆக, பால் அதே அரை லிட்டர், தின்னும் வாய் மூன்று மடங்கு, அதற்கு மேல் நவம்பரில் 24 டிகிரி இருந்த சமையலறை ஜனவரியில் 30. பால் ராத்திரியோடு தீர்ந்துவிட்டது. காலையில் இருந்து சாயங்காலம் வரை மணிகள் பட்டினி கிடந்து தங்கள் அமிலத்திலேயே ஊறிக்கொண்டிருந்தன.

சரி, என்ன செய்வது? மூன்று நாள் சோதித்துப் பார்த்தோம். முதல் நாள் 45 கிராமையும் அப்படியே அரை லிட்டரில் போட்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்ததில், ஒன்பது பத்து மணி நேரத்திலேயே அடியில் தண்ணீர்க் குமிழ் தெரிந்தது. இரண்டாம் நாள் 15 கிராம் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டோம். அதே பாலுக்கு இப்போது பதினாலு மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் அதே 15 கிராமுக்கு முக்கால் லிட்டர் பால். இப்போது கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம் தாங்கியது. உங்கள் வீட்டில் இந்தக் கணக்கு அப்படியே வராது, ஒவ்வொரு வீட்டுக் கெஃபிர் மணிக்கும் மாறும். ஆனால் போக்கு இதுதான்: மணியைக் குறைத்தாலும் பாலைக் கூட்டினாலும் நேரம் நீளும்.

பதினெட்டு மணி நேரம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சங்கடமான கணக்கு. ராத்திரி எட்டுக்கு வைத்தால் மறுநாள் மதியம் இரண்டுக்கு வடிகட்ட யார் வீட்டில் இருப்பார்கள்? அக்காவுக்கு நான் சொன்னது, ராத்திரி எட்டுக்கு வெளியில் வையுங்கள், காலையில் கிளம்பும்போது பாட்டிலை மணியோடு அப்படியே ஃபிரிட்ஜில் தூக்கி வையுங்கள், சாயங்காலம் வந்து வடிகட்டுங்கள் என்பதுதான். ஃபிரிட்ஜில் புளிப்பது நிற்காது, ஆனால் ரொம்ப மெதுவாக நடக்கும். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் வேகமாகவும் பகல் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாகவும் போய் சாயங்காலம் பதமாக இருக்கிறது. அக்கா இன்றுவரை ஜனவரி, பிப்ரவரியில் இப்படித்தான் செய்கிறார். ஏப்ரலுக்கு அப்புறம் ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியிலேயே 24 மணி நேரம். ஜூலையில் ராத்திரி சமையலறை 17, 18 டிகிரிக்கு இறங்கும்போது 30, 36 மணி நேரம் கூட ஆகும். அப்போது பாலைக் குறைக்க வேண்டும், அல்லது எடுத்து வைத்த மணியில் கொஞ்சம் கூடச் சேர்க்க வேண்டும்.

குளிர்ச்சிக்கு ஈரத்துணி சுற்றி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் என் தம்பி வீட்டில் அது வேலை செய்கிறது, அங்கே காற்று காய்ந்து கிடக்கும். டர்பனில் கோடைக் காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும்போது துணியில் இருந்து தண்ணீர் எங்கே ஆவியாகிப் போகும்? துணிதான் நாறும். பீச்சுக்கு எடுத்துப்போகும் கூலர் பாக்ஸுக்குள் பாட்டிலை வைத்து, பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி வைப்பது எவ்வளவோ மேல். பாட்டில்கள் இரண்டும் ஒட்டக் கூடாது.

பதம் என்றால் என்ன என்று சொல்லவில்லை. பாட்டிலை லேசாகச் சாய்த்தால் பால் தண்ணீராக ஓடாமல் ஒன்றாக, இளந்தயிர் மாதிரி சாய வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணிகளைச் சுற்றிச் சின்னச் சின்னத் தண்ணீர்க் குழிகள் ஒன்றிரண்டு தெரிய ஆரம்பிக்கும். அதுதான் நேரம். அதற்கு அப்புறம் விட்டால் தண்ணீர் தனியாகவும் கட்டி தனியாகவும் பிரியும். பிரிந்தாலும் குடிக்கலாம், கரண்டியால் நன்றாகக் கலக்கி வடிகட்டினால் சேர்ந்துகொள்ளும். புளிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும், எங்கள் வீட்டில் அந்த மாதிரி நாளில் அதை தோசை மாவில் ஊற்றிவிடுவோம், மோர்க்குழம்புக்கும் ஆகும். ஆனால் தினமும் பிரிகிற வரை விட்டுக்கொண்டே இருந்தால் மணி களைத்துப்போகும். சின்னதாகும், வளர்ச்சி நிற்கும், ஈஸ்ட் கை ஓங்கி பியர் வாசனை தூக்கும். பியர் வாசனை வந்தால் மணியைக் குறை, பாலைக் கூட்டு, குளிர்ந்த இடத்துக்கு மாற்று, நடுவில் ஒருமுறை பாட்டிலைச் சுழற்றி விடு. நாலைந்து நாளில் திரும்பிவிடும்.

வடிகட்டும்போது மணியைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறார்கள். மணியின் மேல் ஒட்டியிருக்கும் கெஃபிர் அதற்குப் பாதுகாப்பு, அதோடு அப்படியே புதுப் பாலில் போட்டால் முதல் சில மணி நேரத்துக்கு அந்தப் புளிப்பே காவல். பாட்டிலை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். கழுத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலில்தான் பூசணம் முதலில் பிடிக்கும்.

இனி கெடுவது பற்றி. நான் முதலில் பார்ப்பது புளித்திருக்கிறதா என்பதைத்தான். நிறம், வாசனை எல்லாம் அதற்கு அப்புறம். ஏனென்றால் வெளியில் வைத்த பாலைக் காப்பாற்றுவது அமிலம் ஒன்றுதான். பாலில் அமிலம் ஏற ஏறக் குறையும் பி.எச். என்ற அளவு 4.6 பக்கம் இறங்கும்போது பால் புரதம் கட்டிக்கொள்ளும், அதைத்தான் நாம் உறைந்தது என்கிறோம். வேண்டாத கிருமிகளில் பெரும்பாலானவை தலையெடுக்க முடியாத அளவும் ஏறக்குறைய அதே இடம்தான். ஆகவே நல்ல புளிப்பு வாசனையோடு பால் உறைந்திருந்தால் காவல் வேலை செய்கிறது என்று அர்த்தம். கோடையில் ஒரு நாள் முழுக்க வெளியில் இருந்தும் பால் தண்ணீராகவே இருக்கிறது, இனிப்பு வாசனையே வருகிறது என்றால் அங்கே காவல் இல்லை. 30 டிகிரியில் காவல் இல்லாமல் கிடந்த பாலில் எது வளர்ந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பாலைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். மணியைக் கொட்ட வேண்டாம். அது தூக்கத்தில் இருக்கலாம்.

சந்தேகம் இருப்பவர்கள் மருந்துக்கடையிலோ நீச்சல்குளச் சாமான் கடையிலோ பி.எச். தாள் கேட்கலாம், ஆனால் வாங்கும்போது பாருங்கள், குளத்துத் தாள் 6-லிருந்து 8 வரைதான் காட்டும், நமக்கு 4, 5 காட்டுவது வேண்டும். நான் கொஞ்ச நாள் தாள் வைத்துப் பார்த்தேன், அப்புறம் மூக்கே போதும் என்று விட்டுவிட்டேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் பத்து நாளைக்குப் பார்ப்பது நல்லது.

மணி தூங்கிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் நாம்தான். ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் விட்டிருப்போம், அல்லது சூட்டில் வாட்டியிருப்போம், அல்லது தபாலில் வந்து களைத்திருக்கும். எழுப்புவதற்கு மணி மூழ்கும் அளவுக்கு, ஒரு கரண்டிக்கு அரை கப் என்று கொஞ்சமாகப் பால் ஊற்றி, தினமும் பாலை மாற்ற வேண்டும். உறையாத வரை அந்தப் பால் கொட்டத்தான். மூன்று நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் உறைய ஆரம்பிக்கும். உறைந்த அன்றில் இருந்து பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது எழுந்திருக்காது. நான் சூட்டில் வாட்டிய முதல் மணிகள் அந்த ரகம். இந்த எழுப்பும் நாட்களில் சில நேரம் கெஃபிர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாக இழுக்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் புளித்திருந்து வாசனையும் சரியாக இருந்தால் அது கெட்டது ஆகாது, சில பாக்டீரியா பசையை அதிகமாக விடுகிறது, அவ்வளவுதான். நாலைந்து தடவை பால் மாற்றியதும் சரியாகும்.

நிறத்தைப் பொறுத்தவரை நான் கொஞ்சமும் இரக்கம் பார்ப்பதில்லை. பச்சை, நீலம், கறுப்பு, எந்த நிறத்திலாவது பஞ்சு மாதிரி மயிர் விட்டுப் பூசணம் பிடித்திருந்தால் பாலும் போக வேண்டும், மணியும் போக வேண்டும். மேலே தெரிவதை மட்டும் கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடும், கூடு மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் மணியில் இருந்து அதைக் கழுவி எடுக்க முடியாது. ரோஸ் நிறமோ ஆரஞ்சு நிறமோ கோடாகப் படர்ந்திருந்தாலும் அதே தீர்ப்புதான். பாட்டிலையும் கொதிநீரில் கழுவ வேண்டும். நாறும் வாசனைக்கும் அப்படியே: அழுகிய இறைச்சி, வாந்தி, சாக்கடை, இதில் எது நினைவுக்கு வந்தாலும் ருசி பார்க்க வேண்டாம். கெட்டதா என்று நக்கிப் பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதை இங்கே விட்டுவிடுங்கள்.

குழப்பம் தருவது வெள்ளை. கெஃபிரை இரண்டு நாள் அசைக்காமல் வைத்தால் மேலே வெள்ளையாக, மெல்லிசாக, சில நேரம் வெல்வெட் மாதிரி, சில நேரம் சுருக்கம் விழுந்த ஏடு மாதிரி ஒரு படலம் வரும். பல நேரம் அது கெஃபிரில் இயல்பாக இருக்கும் ஈஸ்ட், அல்லது சில பாலாடைக்கட்டியின் மேல் வளரவிடும் ஜியோட்ரிகம் என்ற ஒன்று. படலம் தட்டையாக, சுத்த வெள்ளையாக இருந்து வாசனையும் சரியாக இருந்தால் நான் அந்தப் பாலைக் கொட்டிவிட்டு, மணியைப் புதுப் பாலில் இரண்டு முறை அலசி, புது பாட்டிலில் போட்டு, தினமும் இரண்டு தடவை சுழற்றி விடுவேன். உயரமாகப் பஞ்சு மாதிரி எழும்பியிருந்தால் நிறம் வெள்ளையாக இருந்தாலும் கொட்டிவிடுவேன். தெருவில் யாரிடமாவது மணி இருக்கத்தானே செய்கிறது.

மணியின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். துள்ளினால் நல்லது. விரலில் நசுங்கிக் கூழாகி, பழுப்பு நிறமும் கெட்ட வாசனையும் சேர்ந்துவிட்டால் அது முடிந்த கதை. நாள் பட்டு லேசாக மஞ்சள் ஏறுவது மட்டும் ஒன்றும் செய்யாது.

ஊருக்குப் போக வேண்டும் என்றால் மணியைப் புதுப் பாலில், வழக்கத்தைவிடத் தாராளமாக ஊற்றி, ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஒரு வாரம் கவலை இல்லை, இரண்டு வாரம் தாங்கும், அதற்கு மேல் போனால் யாரையாவது பால் மாற்றச் சொல்ல வேண்டும். 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இதுவும் நம்பிக்கை இல்லாமல் போனது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஃபிரிட்ஜுக்குள் என்ன சூடு இருந்தது என்று தெரியாது, நான் ஃபிரிட்ஜில் வைத்த மணி ஒருமுறை ஐந்தே நாளில் பாலை முழுக்கப் பிரித்துப் போட்டிருந்தது. புளித்துத்தான் இருந்தது, அதனால் மணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது இருந்து கொஞ்சம் மணியைச் சுத்தமான துணியில் ஒற்றி, பால் பவுடரில் புரட்டி, சின்ன டப்பாவில் ஃபிரீசரில் போட்டு வைக்கிறேன். சில மாதம் தாங்கும். எழுப்பும்போது மேலே சொன்ன அதே அரை கப் கணக்கு.

அக்கா கடைசியாகக் கேட்டது புரட்டாசி பற்றி. விரத மாதத்தில் இதைக் குடிக்கலாமா, உள்ளே ஆல்கஹால் இருக்கிறதாமே என்றார். இருக்கிறது, சாதாரணமாக ஒரு நாள் புளித்த கெஃபிரில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, நாள் கூடக் கூட, பாட்டிலை இறுக்கி மூடிச் சூட்டில் வைக்க வைக்க அது ஏறும். ஒரு துளியும் கூடாது என்பவர்களுக்கு இது ஆகாது, அதை மறைக்க வேண்டியதில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம், பாலே ஒத்துக்கொள்ளாத அலர்ஜி உள்ளவர்களுக்கும் கூடாது. லாக்டோஸ் மட்டும் சேராதவர்களுக்கு ஓரளவு ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் மணி கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது, எல்லாவற்றையும் அல்ல. முதல் வாரம் அரை டம்ளரோடு நிறுத்துங்கள்.

அக்கா அந்தப் புரட்டாசி முழுக்கக் குடிக்கவில்லை. ஆனால் மணியைப் பட்டினி போட மனசில்லாமல் தினமும் பால் மாற்றி, வந்த கெஃபிரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். மாதக் கடைசியில் அவர் மணி 60 கிராம் இருந்தது.